துளசித் தண்ணீர், ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர்

நான் ஒரு கேள்வியைச் சத்தமாகக் கேட்டுவிட்டேன். அவ்வளவுதான் என் தப்பு. அந்தக் கேள்வியை நாளொன்றுக்குப் பத்துப் பெண்களிடமாவது கேட்டுக்கொண்டிருந்தவள் நான். இருபது வருட சர்வீஸ். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் ரோட்டை ஒட்டி இருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், சித்தா பிரிவில் மருந்தாளுநர். பெயர்தான் பிரிவு. ஒரு ஜன்னல், இரண்டு பீரோ, ஒரு மேசை, சூரணம் மடிக்க வெட்டி வைத்த காகிதக் கட்டு. அந்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஊர்.

வீடு விழுப்புரத்தில். ரயிலடிக்குப் பக்கத்துத் தெருவில் மாடிப் போர்ஷன். என் வீட்டுக்காரர் இறந்துபோய் ஆறு வருஷம் ஆகிறது. காலையில் ரயிலேறி வந்து சாயங்காலம் ரயிலேறிப் போகிறேன். பூட்டிய கையே திறக்க வேண்டிய வீடு. காலையில் கவிழ்த்து வைத்த டம்ளர் சாயங்காலமும் கவிழ்ந்தபடியே இருக்கும். பழகிவிட்டது என்று கேட்பவர்களிடம் சொல்கிறேன். பழகவில்லை. நாள் முழுக்க ஜன்னலில் பேசித் தீர்த்துவிடுவதால் வீட்டில் பேச ஆளில்லாதது சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் உறைக்கும்.

எங்கள் சித்தா டாக்டருக்கு இரண்டு நிலையங்கள். வாரத்தில் மூன்று நாள் இங்கே, மூன்று நாள் அங்கே. அவர் இல்லாத நாட்களில் நான் ஏற்கெனவே எழுதிய சீட்டுக்கு மருந்து கொடுக்கலாம், புதிதாக எதுவும் கொடுக்கக் கூடாது. ஆனால் இருமிக்கொண்டு நிற்கிறவர்களிடம் “நாளைக்கு வா” என்று சொல்ல மனசு வருமா? கைமருத்துவம் சொல்லி அனுப்புவேன். மழை பிடித்த ஒரு திங்கட்கிழமை அப்படித்தான் அந்தப் பெண் வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். மூக்கில் சிவப்புக் கல் மின்ன, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பின்னால் இருபது பேர்.

“எத்தினி நாளா இருமல்?”

“நாலு நாளாங்கக்கா. காய்ச்சல்லாம் இல்ல. நைட்ல தூங்கவே முடியல.”

“சளியில ரத்தம் கித்தம் வருதா? மூச்சு வாங்குதா?”

“அதெல்லாம் இல்லீங்க.”

அப்புறம்தான் அந்தக் கேள்வி. வரிசையில் கடைசியில் நிற்கும் கிழவருக்கும் கேட்கும்படி என் குரல் இருக்கும். எங்கள் வீட்டுக்காரர் உயிரோடிருந்தபோது, நான் பேசினால் திண்டிவனம் ஸ்டேஷனில் அறிவிப்பு தேவையில்லை என்பார்.

“முழுகாம இருக்கியா?”

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். “இல்லீங்க” என்றாள்.

இல்லை என்றால் இல்லை. நான் என் பாட்டை ஒப்பித்தேன். துளசி இலை எட்டோ பத்தோ கழுவிக்கொள், ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு மூடி வைத்து ஐந்து நிமிஷம் கொதிக்க விடு, வடிகட்டி வெதுவெதுப்பாகக் குடி. காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர், அதற்கு மேல் வேண்டாம். ஒரு வாரத்தில் நிற்காவிட்டால் டாக்டர் இருக்கும் நாளில் வா. அவள் தலையாட்டினாள். அடுத்த டோக்கன் முட்டிவலி. அவளை மறந்துவிட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், கிராம நர்ஸம்மா சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஊர் ஊராக வண்டியில் போய்க் கர்ப்பிணிகளைப் பதிகிறவள். அன்றைக்கு அவளுக்கு ஒரு புலம்பல் இருந்தது.

“ஒரே பேஜாரா இருக்குதுக்கா. ஒரு பொண்ணு, கார்டு டெஸ்ட்ல பாசிட்டிவ் காட்டி பதினஞ்சு நாளாவுது. பேரப் பதியலாம்னா, மூணு மாசம் முடியட்டும்னு கையப் புடிச்சிக்கினு அழுவுது. ரெண்டு தடவ கலைஞ்சிருக்கு அதுக்கு. ரெண்டு தடவையும் மாமியாகாரி அறுவதாம் நாளே ஊரக் கூட்டிச் சொல்லிட்டாளாம், அதான் கண்ணு பட்டுப் போச்சாம். இந்தத் தடவ மாமியாருக்கே சொல்லல. தீட்டு நாள்ல தனியா பாய் போட்டு மூணு நாளு உக்காந்து நடிச்சிருக்குதுன்னா பாத்துக்கங்களேன்.”

நான் சிரித்தேன். சிரித்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும்.

“இருமல் வேற அதுக்கு. எந்நேரமும் துளசித் தண்ணிதான். தூக்குல போட்டு வச்சிக்கினு தண்ணிக்குப் பதிலா அதையே குடிக்குது. மாத்திர கீத்திர போட்டா புள்ளைக்கு ஆவாதுன்னு பயம். சித்தா அக்காதான் சொன்னாங்கன்னுது. சரி, துளசிதானே, கோயில்ல குடுக்கறதுதானேன்னு நானும் விட்டுட்டேன்.”

கையில் இருந்த சோறு வாய்க்குப் போகவில்லை. “யாரு அது? மூக்குல செவப்புக் கல்லு போட்ட பொண்ணா?”

அவளேதான்.

எனக்கு முதலில் வந்தது கோபம். கேட்டேனே, இல்லை என்றாளே. அடுத்த நொடி அந்தக் கோபம் என் பக்கமே திரும்பியது. மாமியாருக்குத் தெரியக் கூடாது என்று மூன்று நாள் ஒதுங்கி உட்கார்ந்து நடித்தவள், இருபது பேர் முன்னால் ஜன்னலில் நின்று ஆமாம் என்பாளா? அந்த வரிசையில் அவள் ஊர்க்காரிகள் எத்தனை பேர் இருந்தார்களோ. கேட்கத் தெரியாமல் கேட்டது நான். பதில் எப்படி உண்மையாக இருக்கும்?

மத்தியானத்துக்கு மேல் பர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன். நர்ஸம்மாவுக்கு அன்றைக்கு மீட்டிங். நான் சொன்னேன் என்று காட்டிக்கொள்ளாதீர்கள் என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஆட்டோவில் எனக்கு எதிரே பெருமுக்கல் மலைக்குப் போகும் ஒரு குடும்பம், மடியில் தேங்காய்ப் பையோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்தது. நான் மட்டும், ஒரு தாயிடம் போய் என்ன சொல்வது என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே ஏதாவது நடந்திருந்தால்? அதற்கு மட்டும் எந்த வார்த்தையும் அகப்படவில்லை.

வீட்டு வாசலில் சாக்கு விரித்து மாமியாரும் மருமகளும் விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்தார்கள். காலடியில் தோல் மலைபோல் குவிந்து கிடந்தது. வெயிலில் தூசி பறப்பது கண்ணுக்கே தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. நர்ஸம்மா சொல்லிவிட்டாள், இப்போது இவள் மாமியார் முன்னால் போட்டு உடைக்கப் போகிறாள் என்று நினைத்திருப்பாள். என் குரலின் சங்கதிதான் அவளுக்குத் தெரியுமே.

“வாங்க, யாரு?” என்றார் மாமியார்.

“ஆஸ்பத்திரியில இருந்து வர்றேங்கம்மா. அன்னிக்கி இருமலுக்கு துளசி சொன்னேன் இல்ல, எவ்ளோ குடிக்கிறாங்கன்னு பாக்கலாம்னு வந்தேன்.”

மாமியாருக்குப் பெருமையாகிவிட்டது. உள்ளே போய் ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்துவந்து காட்டினார். இரண்டு லிட்டர் பிடிக்கும். தண்ணீர் கறுத்துப்போய் இருந்தது. அடியில் ஒரு கைப்பிடி இலை. “காலையில ஒரு தூக்கு, மதியம் ஒரு தூக்கு. பச்சத் தண்ணியே தொடறதில்ல. வீட்டுத் துளசி மொட்டையாயிடுச்சி. பெருமாள் கோயில் ஐயரு சாமிக்குப் போட்ட மாலையக் குடுக்கறாரு, அதத்தான் உருவிப் போடுறோம்.”

எங்கள் ஊர்ப் பக்கம் இந்தப் பழக்கம் உண்டு. சாமி மாலைத் துளசியைக் குப்பையில் போட மாட்டார்கள். ஒன்று தண்ணீரில் போடுவார்கள், இல்லாவிட்டால் காய்ச்சிக் குடிப்பார்கள். சாமிக்குச் சார்த்தியது எப்படிக் கெடுதல் செய்யும்? அந்த மாலை மார்க்கெட்டிலிருந்து வருகிறது, பூச்சிக்கு என்ன மருந்து அடித்தார்களோ யாருக்குத் தெரியும் என்று யாரும் யோசிப்பதில்லை. நான் இரண்டு டம்ளர் சொன்னது அங்கே நாலு லிட்டர் ஆகியிருந்தது. மருந்து என்றால் அளவு பார்ப்பார்கள். துளசி அவர்களுக்கு மருந்து இல்லை, தீர்த்தம்.

வரும் வழியில் ஒத்திகை பார்த்ததெல்லாம் பறந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“இல்லம்மா, நிறுத்திடணும். அன்னிக்கி கூட்டத்துல நான் தப்பா சொல்லிட்டேன். இந்தப் பொண்ணு ஒடம்புக்கு இது சேராது.”

“துளசி சேராதா? இன்னாங்க சொல்றீங்க?” மாமியாரின் குரல் மாறிவிட்டது. “பன்னெண்டு நாளா குடிச்சிக்கினு இருக்குது. இப்ப வந்து தப்புன்றீங்க?”

“என் தப்புதாம்மா. மன்னிச்சிக்கங்க. கொஞ்சம் குடிக்கத் தண்ணி குடுக்கறீங்களா?”

அவர் முனகிக்கொண்டே உள்ளே போனார். எனக்குக் கிடைத்தது அந்த ஒரு செம்புத் தண்ணீர் மொள்ளும் நேரம். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தணித்தேன்.

“எனக்குத் தெரியும்மா. யாருக்கும் சொல்ல மாட்டேன். வயித்துல வலி, ரத்தப்போக்கு ஏதாச்சும் இருக்கா?”

இல்லை என்று தலையாட்டினாள். கண் நிறைந்துவிட்டது. “போயிடுமாக்கா? இதுவும் போயிடுமா?”

“அப்பிடி நான் சொல்லல. கேளு. எலிங்களுக்கு நெறைய குடுத்துப் பாத்தப்ப கரு தங்கறது கொறைஞ்சிருக்கு. மனுசங்களுக்கு இவ்ளோ குடிச்சா கெடுதின்னு யாரும் அளந்து சொல்லல, இவ்ளோ வரைக்கும் பயமில்லன்னும் யாரும் அளந்து சொல்லல. தெரியாதத வயித்துல புள்ளைய வச்சிக்கினு குடிக்க வேணாம், அதுக்குத்தான் நிறுத்தச் சொல்றேன். கோயில்ல தீர்த்தத்தோட ரெண்டு எல குடுத்தா அது வேற, பயப்படாத. இப்பிடிக் காய்ச்சி, மருந்தா தெனமும் குடிக்கறதுதான் வேணாம். வெந்நீர் குடி. திங்கக்கெழம நம்ம ஆஸ்பத்திரில இங்கிலீஷ் வைத்தியம் பாக்கற பெரிய டாக்டரப் பாத்து ஸ்கேன் எடுத்துக்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கு, சளி டெஸ்டும் குடுக்கணும். நடுவுல ஒரு பொட்டு ரத்தம் பட்டாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போ, யாருக்குத் தெரிஞ்சாலும் பரவால்ல.”

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மல்லாட்டைத் தூசி படிந்த கை. “நான் அன்னிக்கே சொல்லியிருக்கணுங்கக்கா. வாயில வந்துச்சு. பின்னாடி எங்க பங்காளி வீட்டு அக்கா நின்னுக்கினு இருந்தாங்க.”

“தெரியும். நானும் இதே மாதிரி யாருக்கும் சொல்லாம வச்சிருந்தவதான்.”

அதை ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. இருபத்தெட்டு வயதில், இரண்டாம் மாதத்தில், எனக்கும் ஒன்று போனது. நான் துளசி எதுவும் குடிக்கவில்லை; காரணமே இல்லாமல் போனது. பல சமயம் அப்படித்தான் போகும் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். மூன்று மாதம் முடியட்டும் என்று அம்மாவுக்குக்கூடச் சொல்லியிருக்கவில்லை. போன பிறகு எப்படிச் சொல்வது? மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். சொல்லாத சந்தோஷத்துக்குத் துக்கம் விசாரிக்க யாரும் வர மாட்டார்கள். அதற்குப் பின் எனக்குத் தங்கவே இல்லை. வீட்டுக்காரர் ஒருவருக்குத்தான் தெரியும், அவரும் இப்போது இல்லை. இத்தனை வருஷம் கழித்து அதை ஒரு வரியில், பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டேன். அவள் பிடி இறுகியது. மாமியார் செம்போடு வந்தார். இருவரும் கையை எடுத்துக்கொண்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் எனக்கு எப்படிப் போயிற்று என்று சொல்ல வேண்டும். காலையில் எழுந்ததிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணிடம் என் நம்பர் கிடையாது, பின்னே யார் கூப்பிடப் போகிறார்கள்? நர்ஸம்மாவுக்கு ஏதாவது தெரிந்தால் சொல்லுவாள் என்று ஒரு நப்பாசை. துணி துவைத்தேன். துவைத்ததையே திரும்ப அலசினேன். யாரிடமாவது சொல்லி அழ வேண்டும்போல் இருந்தது. கடலூரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டேன். “இன்னாக்கா, ஒடம்பு சரியில்லியா?” என்றாள். “இல்லடி, சும்மாதான்” என்றேன். வாக்குக் கொடுத்த ரகசியத்தை எப்படிச் சொல்வது? அவள் பேரன் சேட்டையைச் சொன்னாள், கேட்டுக்கொண்டேன். போனை வைத்த பிறகு வீடு முன்னைவிட வெறிச்சென்று இருந்தது. அப்போது அழுதேன்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மேல் நர்ஸம்மா ஜன்னல் பக்கம் வந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாள். ஸ்கேனில் குழந்தையின் துடிப்பு நன்றாக இருந்தது. அடுத்த வாரம் சளிப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை என்று வந்தது. வீட்டில் என்ன வேலை செய்கிறாள் என்று டாக்டர் விசாரித்துவிட்டு, மல்லாட்டை உடைக்கும் தூசிதான் காரணமாக இருக்கும், அதிலிருந்து விலகி இரு என்று சொல்லியிருக்கிறார். அவளும் விலகினாள், பத்து நாளில் இருமல் அடங்கியது. தூக்குத் தூக்காகத் துளசியைக் குடித்துக்கொண்டே தூசியில் உட்கார்ந்திருந்தால் எப்படி நிற்கும்?

எனக்கு வந்தது வேறு. மாமியார் நிலையத்துக்கே வந்து, சித்தா ஜன்னல்காரி என் மருமகளுக்குத் தப்பு மருந்து சொல்லிட்டா, அவளே ஒத்துக்கிட்டா என்று பெரிய டாக்டரிடம் முறையிட்டுவிட்டார். கூப்பிட்டுக் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணின் வயிற்றில் இருப்பதைச் சொல்ல வேண்டும். “ஆமா சார், தப்பு” என்று தலை குனிந்தேன். டாக்டர் இல்லாத நாளில் யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். நியாயம்தான். பாதித் தப்பு என்னுடையது, அதற்கு முழுத் தண்டனை வாங்கினால் என்ன? ஆனால் ஊரில் பேச்சு பரவிவிட்டது. என் ஜன்னலுக்கு வரும் கூட்டம் கொஞ்ச நாள் பாதிக்கும் கீழே போனது. முப்பது பேரிடம் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தவள் பன்னிரண்டு பேரோடு நிறுத்திக்கொள்ள வேண்டி வந்தது. அது எனக்கு வலித்தது என்று சொல்ல வெட்கமில்லை.

ஒன்றை மாற்றினேன். இப்போது டாக்டர் துளசி எழுதிக் கொடுத்தால் நான் எந்தப் பெண்ணிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பொட்டலம் மடிக்கும்போது எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லிவிடுகிறேன். “பத்து எல, ரெண்டு டம்ளர், ஒரு வாரம். வயித்துல புள்ள இருக்கறவங்க, உண்டாகணும்னு இருக்கறவங்க குடிக்க வேணாம். சக்கர மாத்திர, ரத்தம் உறையாம இருக்கற மாத்திர சாப்புடறவங்க, ஆபரேஷன் நாள் குறிச்சவங்க டாக்டரக் கேட்டுட்டுக் குடிங்க. எங்கிட்ட எதுவும் சொல்ல வேணாம், கேட்டுக்கினா போதும்.” சில பெண்கள் கேட்டுவிட்டு, வேறொன்றும் பேசாமல், இருமலுக்கு வேற ஏதாச்சும் இருக்கா என்பார்கள். நானும் எதுவும் பேசாமல் டாக்டர் அறையைக் கை காட்டுவேன்.

மூன்று மாதம் முடிந்ததும் அந்தப் பெண் உண்டாகியிருக்கும் சேதி ஊருக்கே தெரிந்தது. எனக்கும் வரிசையில் நின்றவர்கள் பேசித்தான் தெரிந்தது, தெரியாதவள்போல் கேட்டுக்கொண்டேன். மாதாமாதம் செக்கப்புக்கு வருவாள். என் ஜன்னலைக் கடக்கும்போது வேகமாகப் போய்விடுவாள். கூட மாமியார் இருப்பார், பாவம் அவள் என்ன செய்வாள். அவள் பேச வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன். அதையும் மறைக்கவில்லை. துளசியை நிறுத்தியதால்தான் தங்கியதா என்று எனக்குத் தெரியாது. நிறுத்தாவிட்டாலும் தங்கியிருக்கலாம். இருந்தாலும் அந்த வயிறு வளர்வதை ஜன்னல் வழியாக மாதம் ஒரு தடவை பார்த்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

பெண் குழந்தை. இரண்டரை மாதத் தடுப்பூசிக்கு ஒரு புதன்கிழமை தூக்கிக்கொண்டு வந்தார்கள். குழந்தைக்கு மூக்கு ஒழுகியது. மாமியார் என் ஜன்னலுக்கு நாலடி தள்ளி நின்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், “துளசிச் சாறு நாலு சொட்டு ஊத்துனா சளி எல்லாம் எடுத்துடும்.” அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். ஒன்பது பத்து மாதத்தில் முதல் தடவை. “அக்காவ ஒரு வார்த்த கேட்டுடலாங்களா, அத்த?” என்றாள்.

“இவங்களயா? இவங்க சொல்லி நீ பட்டது போதாதா?” என்றார் மாமியார். எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்.

அவள் அப்படியே நின்றாள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. நான் மாமியாருக்குத் தெரியாமல், வேண்டாம் என்று தலையை இப்படியும் அப்படியும் அசைத்தேன். அந்த வயதுக்குத் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டு எதுவும் கூடாது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மாமியாரிடம் திரும்பி, “சாறு வேணாங்கத்த, பாலு மட்டும் போதும். டாக்டர்கிட்ட காட்டிட்டே போயிடலாம்” என்றாள்.

அவர்கள் டாக்டர் அறைப் பக்கம் போனார்கள். அடுத்த தடுப்பூசிக்குள் அவள் புருஷன் வேலை பார்க்கும் சென்னைக்கே குடிபோய்விட்டாளாம், நர்ஸம்மா சொன்னாள். அந்தக் குழந்தைக்கு என்ன பேர் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.